ரீசெட் செய்யாமல் கொண்டு வரச் சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. கல்லூரியில் சேரப்போகும் என் மகளுக்காகப் பழைய ஐபோன் 13 ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். விற்பவர் பழக்கமானவர் இல்லை, விளம்பரம் பார்த்துப் பேசினேன். பேட்டரி 100 சதவீதம் காட்டுவதாகப் படம் அனுப்பியிருக்கிறார். பெட்டி இருக்கிறது, பில்லைத் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சந்திக்கும்போது எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்து கொண்டு வருவாராம். எனக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. அரை மணி நேரத்தில் எதையெதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. சந்திப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "ரீசெட் செய்ய வேண்டாம். இப்போது எப்படிப் பயன்படுத்துகிறீர்களோ அப்படியே கொண்டு வாருங்கள். என் முன்னால் சேர்ந்தே அழித்துக்கொள்ளலாம்." பதினாறு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். பழைய போன் வாங்கப் போகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அழித்துக் கொண்டு வந்த போன் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு உதவக்கூடிய இரண்டு விஷயங்கள் அதோடு போய்விடும். ஒன்று, சமீபத்தில் பேட்டரி எப்படி இறங்கியது என்கிற வரைபடம். இன்னொன்று, அந்தப் போன் உண்மையிலேயே அவருடையதுதானா என்பதற்கான நேரடிச் சான்று. போனில் இருக்கிற ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்தவர்தான் அதிலிருந்து வெளியேற முடியும். அதை அவர் உங்கள் கண்ணெதிரே செய்தால், பில்லைவிட அதை நான் அதிகம் நம்புவேன்.

அதே செய்தியில் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜ் போட்டுக் கொண்டு வர வேண்டாம், 40 சதவீதம் போல இருக்கட்டும் என்று கேளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து, Stolen Device Protection என்கிற அமைப்பை வீட்டிலேயே அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருட்டுப் போனைத் திருடனே கணக்கு மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஐஓஎஸ் 17.3-இல் வந்த பாதுகாப்பு அது. வீடு, அலுவலகம் போன்ற வழக்கமான இடங்களைத் தாண்டி வேறு எங்காவது வைத்துக் கணக்கிலிருந்து வெளியேறப் பார்த்தால், ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். இது தெரியாமல் நேர்மையான விற்பனையாளரும் நடுவழியில் மாட்டிக்கொள்வார். "பரவாயில்லை, வீட்டுக்குப் போய் அணைத்துவிடுகிறேன், நீங்கள் எடுத்துப் போங்கள்" என்பார். அந்த நிலைமை வரவே வேண்டாம்.

சரி, இப்போது அந்த 100 சதவீதத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அதுதான்.

ஐபோன் 13 வெளிவந்தது 2021 செப்டம்பரில். அந்த மாடலின் பேட்டரி 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. ஒரு சுற்று என்றால் ஒரு தடவை சார்ஜ் போடுவது இல்லை. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் 500 சுற்று வந்துவிடும். அப்படியிருக்க, இத்தனை வருடம் ஓடிய போனில் முதல் பேட்டரியே இருந்துகொண்டு 100 காட்ட வழியில்லை. பேட்டரியை மாற்றியிருக்க வேண்டும், அல்லது அந்த எண்ணையே மாற்றியிருக்க வேண்டும். என் மேசைக்கு வரும் அதே வயதுப் போன்களில் 80 முதல் 87 வரை காட்டுவதுதான் சகஜம். அந்த எண்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பேட்டரியின் தலைப்பகுதியில் ஒரு சின்னச் சர்க்யூட் பலகை ஒட்டியிருக்கும். எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதில்தான் பதிவாகிறது. போன் கேட்கும்போது பதில் சொல்வதும் அதுதான். பழைய பேட்டரியிலிருந்து அந்தப் பலகையை வெட்டியெடுத்து, வேறொரு மலிவான பேட்டரி செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்து, ஒரு சின்னக் கருவியில் வைத்துச் சுற்று பூஜ்யம், ஆரோக்கியம் 100 என்று எழுதிவிடுகிறார்கள். பலகை அசல் என்பதால் போன் எந்த எச்சரிக்கையும் காட்டாது. நல்ல செல் போட்டு இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு எந்தச் செல் என்று தெரியாது.

போன வருடம் ஒரு மாணவர் என்னிடம் கொண்டு வந்த போன் இதே கதைதான். வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆரோக்கியம் 100. காலையில் நன்றாக ஓடும், மாலையானால் திடீரென்று அணைந்துவிடும் என்றார். நான் அதை 34 சதவீதம் வரும்வரை இறங்கவிட்டு, திரை வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி, வீடியோ எடுக்க வைத்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் 34-லிருந்து நேராக 27-க்குப் போனது, இன்னும் ஒரு நிமிடத்தில் அணைந்துவிட்டது. சார்ஜரில் செருகித் திறந்தால் 30 என்று காட்டுகிறது. பிரித்துப் பார்த்தபோது பலகைக்கும் செல்லுக்கும் நடுவில் கையால் வைத்த வெல்டிங் தடமும் மேலே சுற்றிய மஞ்சள் டேப்பும் இருந்தன. செல்லைத் தனியாக அளந்தால், எழுதியிருந்த கொள்ளளவில் முக்கால் பங்குகூட வரவில்லை.

இது ஏன் சார்ஜ் குறைவாக இருக்கும்போது மட்டும் வெளிப்படுகிறது என்றால், வயதான செல்லிலும் மட்டமான செல்லிலும் மின்சாரத்தைத் தடுக்கும் உள்தடை அதிகம். கேமரா, பிராசசர், திரை எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிகிறது. முழுச் சார்ஜில் வோல்டேஜ் உயரத்தில் இருப்பதால் அந்தச் சரிவு தெரியாது. அடிமட்டத்துக்கு வந்த பிறகு சரிந்தால் போன் தாங்காது. நீங்கள் 40 சதவீதத்தில் கொண்டு வரச் சொல்வது இதற்காகத்தான். வந்ததும் Low Power Mode என்கிற குறைமின் பயன்முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக் குறி மஞ்சளாக இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி, கேமராவில் 4கே வீடியோ பத்து நிமிடம் எடுங்கள். சதவீதம் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். எத்தனை இறங்கியது என்பதைவிட எப்படி இறங்கியது என்பதைக் கவனியுங்கள். நான்கைந்து எண் ஒரேயடியாகத் தாவினாலோ போன் அணைந்தாலோ, அந்தப் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும். கொஞ்சம் சூடாவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வீடியோ முடிந்ததும் Settings, General, About என்று போங்கள். பாகம் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் அங்கே Parts and Service History என்ற தலைப்பு இருக்கும். பேட்டரிக்கு நேராக Genuine Apple Part என்று இருந்தால் நல்லது. அசல் பேட்டரி முறைப்படி மாற்றப்பட்டிருக்கிறது, அந்த 100-ஐ நம்பலாம். Unknown Part என்று இருந்தால் வெளி பேட்டரி. அது கட்டாயம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சதவீதத்தை மறந்துவிட்டு, அசல் பேட்டரி மாற்ற ஆகும் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாமல், மாற்றியதற்கான சுவடே இல்லாமல், 100 மட்டும் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும். அந்த மாணவரின் போனில் அப்படித்தான் இருந்தது.

அதற்கு ஒரு நியாயமான விளக்கம் இருக்கலாம். அதே About பக்கத்தில் Model Number என்ற வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். M என்றால் கடையில் புதிதாக விற்கப்பட்டது. F என்றால் நிறுவனமே புதுப்பித்து விற்றது. P என்றால் பெயர் பொறித்து வாங்கியது. N என்று இருந்தால், பழைய போனில் ஏதோ பழுது வந்து, நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு மாற்றாகக் கொடுத்த போன் அது. மாற்றுப் போன் எப்போது கொடுக்கப்பட்டதோ அப்போதுதான் அதன் பேட்டரிக்கு வயது ஆரம்பிக்கிறது. சமீபத்தில் கிடைத்திருந்தால் 100 காட்டுவதில் தப்பே இல்லை. இந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பில் பேச்சு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

Settings-இன் பேட்டரிப் பகுதியில் சார்ஜ் இறங்கிய வரைபடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ரீசெட் செய்யாமல் கொண்டு வந்ததால்தான் இது கிடைக்கிறது. சார்ஜ் அளவு சரிவுப் பாதை போல இறங்கியிருக்க வேண்டும். படிக்கட்டிலிருந்து விழுந்தது போல நடுநடுவே செங்குத்தாக விழுந்திருந்தால், பத்து நிமிடச் சோதனையில் தப்பித்த குறையும் அங்கே தெரிந்துவிடும்.

அடுத்து, உள்ளே மறைந்திருக்கும் சேதம். கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கீறல் விழுந்த போன் வருடக்கணக்கில் ஓடும். நான் பயப்படுவது இரண்டுக்குத்தான்: தண்ணீர், அப்புறம் போர்டில் கைவைத்த பழுது.

தண்ணீர் போன போன் அன்றே சாகாது. அதுதான் சிக்கல். உலர்ந்த பிறகு நன்றாக வேலை செய்யும், விற்பவருக்கும் அது சரியாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் உள்ளே தங்கிய உப்பும் ஈரமும் மின்சாரம் ஓடும் இடத்தில் உலோகத்தை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்து சார்ஜ் ஏறுவது மெதுவாகும், ஒரு மைக் ஊமையாகும், ஒருநாள் மொத்தமாக நிற்கும். இதைப் பார்க்க ஒரு ஊசியும் டார்ச்சும் கொண்டு போங்கள். சிம் தட்டை ஊசியால் வெளியே எடுத்து, அந்தத் துளைக்குள் வெளிச்சம் அடித்துக் கோணம் மாற்றி மாற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன ஒட்டு தெரியும். வெள்ளை அல்லது வெள்ளி நிறம் என்றால் அந்த இடத்தில் தண்ணீர் படவில்லை. சிவப்பு என்றால் பட்டிருக்கிறது, அதற்குமேல் பேச வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனால் வெள்ளையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறு பக்கமாகத் தண்ணீர் போயிருக்கலாம். சிவந்த ஒட்டின் மேல் புது ஒட்டு ஒட்டிய போனையும் நான் பிரித்திருக்கிறேன். "இது தண்ணீர் புகாத போன்தானே" என்று அவர் சொன்னாலும், அந்தத் தாங்கும் சக்தி புதுப் போனுக்குத்தான். நாளாக ஆக அது குறையும். ஒருமுறை திறந்து திரை மாற்றி, ஓரத்துப் பசையைச் சரியாகப் போடவில்லை என்றால் சுத்தமாகப் போய்விடும். அதனால் கேமரா லென்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாடிக்கு உட்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் துளைக்குள் பச்சைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் குரல். பலரும் ஒரே ஒரு அழைப்பு பேசிவிட்டு மைக் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். அந்தப் போனில் மைக் ஒன்று இல்லை. குரல் பதிவுச் செயலியில் பத்து நொடி பேசினால் கீழே இருக்கிற மைக் வேலை செய்கிறதா என்று தெரியும். செல்ஃபி வீடியோ எடுத்துப் பேசினால் மேலே முன்பக்கம் இருப்பது தெரியும். பின் கேமராவில் வீடியோ எடுத்துப் பேசினால் பின்பக்கத்து மைக். மூன்றையும் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். ஏதாவது ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் காரணம் அநேகமாக அதுவேதான்.

போர்டு பழுதுக்கு மறுபடியும் About பக்கம். Modem Firmware என்ற வரியில் ஏதாவது எண் இருக்க வேண்டும். அது வெறுமையாக இருந்தால் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதி போர்டில் செத்துவிட்டது என்று பொருள். சிம் போட்டாலும் சிக்னல் வராது. "சிம் இல்லாததால்தான் சிக்னல் இல்லை" என்று சொல்லி இந்த மாதிரிப் போன்களை விற்றுவிடுகிறார்கள். அதனால் உங்கள் சிம்மையே போட்டு யாருக்காவது பேசுங்கள். பேசும்போது காதருகே கொண்டு போனால் திரை அணைய வேண்டும், எடுத்தால் ஒளிர வேண்டும். Wi-Fi பொத்தான் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் இருந்தாலும் போர்டுப் பிரச்சினைதான்.

திரைக்கு ஒரே சோதனை போதும். ஒரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, உழவு ஓட்டுவது போலத் திரை முழுக்க வரிவரியாக இழுத்துப் போங்கள். கை எடுக்காமலேயே சின்னம் எங்காவது நழுவி விழுந்தால் அந்த இடத்தில் தொடுதிரை செத்திருக்கிறது. கடைசியாகப் போனை அணைத்து, கருந்திரையில் மேலிருக்கும் குழல்விளக்கின் பிம்பம் விழும்படி பிடியுங்கள். பிம்பம் நேர்க்கோடாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வளைந்தாலோ, திரை சட்டத்தைவிட்டு ஒரு முடியளவு எழும்பியிருந்தாலோ, உள்ளே பேட்டரி வீங்கித் தள்ளுகிறது. அழுத்திப் பார்க்காதீர்கள். வீங்கிய லித்தியம் பேட்டரியை அழுத்தினால் தீப்பிடிக்கலாம். மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால், பூட்டு. இந்தக் கட்டத்தில்தான் மொத்தப் பணத்தையும் இழக்கிறவர்கள் இழக்கிறார்கள். பேட்டரி கெட்டால் மாற்றலாம், திரை கெட்டால் மாற்றலாம். வேறொருவர் கணக்கில் பூட்டியிருக்கிற ஐபோனை நான் உட்பட எந்தக் கடைக்காரரும் முறையாகத் திறந்து தர முடியாது.

பின் நம்பர் வேறு, கணக்கின் பாஸ்வேர்ட் வேறு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பர் திரையைத் திறக்கும். கணக்குப் பாஸ்வேர்ட் தெரிந்தவர்தான் சொந்தக்காரர். பின்னை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் வாங்கினால், அந்தக் கணக்கு வைத்திருப்பவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், எந்த நேரத்திலும் போனைப் பூட்டிவிடலாம். அன்றைக்கு உங்கள் கையில் நன்றாக வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

அதனால் அவரை Settings-இல் மேலே இருக்கும் தன் பெயரைத் தொட்டு, கீழே Sign Out கொடுக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். அவர் தட்டும்போது மரியாதைக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஆனால் போன் உங்கள் பார்வையிலேயே இருக்கட்டும். வெளியேறிய பிறகு General, Transfer or Reset iPhone, Erase All Content and Settings என்று போய் அழிக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, மனைவியின் கணக்கு, அண்ணன் வெளியூரில் இருக்கிறார் என்று ஏதாவது வந்தால், கோபப்படாமல் "கிடைத்ததும் சொல்லுங்கள், வருகிறேன்" என்று எழுந்துவிடுங்கள். உண்மையிலேயே அண்ணனுடையதாக இருந்தால், அவர் இருக்கிற இடத்திலிருந்தே இணையம் வழியாகத் தன் கணக்கிலிருந்து இந்தப் போனை நீக்கிவிட முடியும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அழிந்து முடிந்து வரவேற்புத் திரை வந்ததும் பலர் அப்பாடா என்று பணத்தை எடுத்துவிடுவார்கள். இன்னும் முடியவில்லை. அந்தத் திரையில் பூட்டிய போனும் பூட்டாத போனும் ஒன்றுபோலவே தெரியலாம். போன் இணையத்தோடு இணைந்து நிறுவனத்தின் சர்வரைக் கேட்ட பிறகுதான் பூட்டு உண்டா இல்லையா என்பது உறுதியாகத் தெரியவரும். உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, மொழி, நாடு என்று ஒவ்வொரு திரையாகக் கடந்து போங்கள். iPhone Locked to Owner என்று வந்தால் இன்னும் யாருடைய கணக்கோ பிடித்திருக்கிறது. Remote Management என்று ஒரு திரை வந்தால், அந்தப் போன் ஏதோ ஒரு அலுவலகத்தின் அல்லது பள்ளியின் கட்டுப்பாட்டில் பதிவாகியிருக்கிறது. வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காத போனாக இருக்கலாம். எத்தனை தடவை அழித்தாலும் இணையம் கிடைத்ததும் அந்தத் திரை திரும்ப வரும். அந்த நிறுவனம்தான் அதை நீக்க முடியும். இரண்டில் எது வந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டும் வராமல், உங்கள் மகளின் கணக்கை உள்ளே போட்டு முகப்புத் திரைவரை வந்துவிட்டால் பூட்டு இல்லை. அங்கேயே முகம் காட்டித் திறக்கும் Face ID-ஐயும் பதிந்து பாருங்கள். முன்பக்க உணரிகள் அடிபட்டிருந்தால் அது பதியாது. பிறகு About பக்கத்தில் Carrier Lock வரியில் No SIM restrictions என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஒரு நெட்வொர்க்கின் சிம் மட்டும்தான் அதில் வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டு போன் வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கேயும் இதே வரிசைதான். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து, முறையாகக் கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி அழித்த போன், தொடங்கும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். ஆகவே கணக்கை முதலில் நீக்கச் சொல்லி, பிறகு Settings வழியாக அழிக்கச் சொல்லி, உங்கள் கணக்கைப் போட்டு முகப்புத் திரைவரை போங்கள். தவணையில் வாங்கிய சில போன்களில் கடன் கொடுத்தவர்களின் பூட்டுச் செயலி இருக்கும். தவணை நின்றால் அது திரையை மூடிவிடும். "இந்தச் சாதனம் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஏதாவது வாசகம் கண்ணில் பட்டால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி காகிதம். போனின் டயல் பலகையில் இதைத் தட்டுங்கள்:

```
*#06#
```

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் வசதி உள்ள போனில் இரண்டு எண் வரும். அதை About பக்கத்தில் இருக்கிற எண்ணோடும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற எண்ணோடும் ஒப்பிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் பார்க்காமல் பதினைந்தையும் பாருங்கள். பெட்டி இருக்கிறது என்பதே ஒரு சான்று இல்லை. காலிப் பெட்டிகள் தனியாக விற்கிறார்கள். எண் பொருந்தினால்தான் அது இந்தப் போனின் பெட்டி.

ஒருவேளை பொருந்தவில்லை என்றால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். முன்னே பார்த்த அந்த முதல் எழுத்து N என்றால், மாற்றாக வந்த போனுக்குப் புது எண் இருக்கும், பெட்டியில் பழைய போனின் எண்தான் இருக்கும். அப்படியானால் மாற்றிக் கொடுத்தபோது தந்த சர்வீஸ் ரசீது அவரிடம் இருக்க வேண்டும், அதில் புது எண் எழுதியிருக்கும். முதல் எழுத்து M, ஆனால் பெட்டி எண் வேறு என்றால் எனக்கு அதற்கு நல்ல விளக்கம் தெரியாது.

பல நாடுகளில் தொலைத்தொடர்புத் துறையோ காவல்துறையோ, தொலைந்துபோனதாகப் புகார் ஆன ஐஎம்இஐ எண்களைச் சரிபார்க்க வசதி வைத்திருக்கிறது. சந்திப்பதற்கு முந்தின நாளே எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணைத் தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. இன்று எந்தப் புகாரும் இல்லாத எண் அடுத்த மாதம் முடக்கப்படலாம். தவணை பாக்கி வைத்துவிட்டு விற்றவருடைய போனிலும், விற்றுவிட்டுத் தொலைந்ததாகப் புகார் கொடுக்கிறவருடைய போனிலும் இது நடக்கும். உங்களைக் காப்பாற்றப் போவது அவர் கையெழுத்திட்ட ஒரு தாள்தான்.

பில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற பெயரும் அவர் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றா, ஐஎம்இஐ எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அதற்காக நல்ல போனை விட வேண்டியதில்லை. பழைய பில்லைத் தொலைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மேலே சொன்னபடி கணக்கிலிருந்து உங்கள் முன்னால் வெளியேறியிருக்கிறார், பெட்டி எண் பொருந்துகிறது என்றால் எனக்கு அது போதும். பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைத்தாளில் அவர் கைப்பட எழுதி வாங்குங்கள்: இன்ன தேதியில், இன்ன மாடல், இன்ன நிறம், இந்த இரண்டு ஐஎம்இஐ எண்ணும் இந்த வரிசை எண்ணும் கொண்ட போனை, இவ்வளவு தொகைக்கு இன்னாருக்கு விற்றேன், இது என் சொந்தப் போன், இதன்மேல் தவணை பாக்கி எதுவும் இல்லை. இருவரும் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டையின் நகல். அவர் எழுதிய தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே ஒருமுறை அழைத்து மணி அடிக்கிறதா பாருங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் அவர் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அந்தப் பதிவும் ஒரு சாட்சி.

நிதானமாகப் பார்த்தால் இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதாது, ஐம்பது நிமிடம் ஆகும். அழிப்பதும் மறுபடி தொடங்குவதுமே பதினைந்து நிமிடம் எடுக்கும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். உட்கார இடமும் நல்ல வெளிச்சமும் சார்ஜ் போட வசதியும் இருக்கிற இடமாகப் பார்த்துச் சந்தியுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், அவளுடைய கணக்கை அங்கேயே போட வேண்டியிருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை About பக்கத்தில் நான் சொல்லாத ஏதாவது வரியைப் பார்த்துக் குழம்பினால், பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.